ஸ்ப்ளிட் ஹொரைசன், பாய்சன் ரிவர்ஸ், ஹோல்ட்-டவுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரவுட்டர்கள் தமக்குள் வழிகளைச் சொல்லிக்கொள்ளும் ரிப் நெறிமுறையை ஆய்வகத்தில் ஓட்டிப் பார்ப்பவர்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ இதே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்குத் தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு R1, R2, R3 என்று மூன்று ரவுட்டர்கள் வரிசையாக இணைந்திருப்பதாகவும், R3-இன் மறுபக்கத்தில் 10.3.0.0/16 என்ற வலையமைப்பு இருப்பதாகவும் கொள்க. தன்னோடு நேரடியாக இணைந்த வலையமைப்பின் தூரம் 1 என்பது ரிப் தரத்தின் கணக்கு, ஆகவே 10.3.0.0-க்கு R3-இல் 1, R2-இல் 2, R1-இல் 3.

1. ஒவ்வொரு ரவுட்டரும் ஒழுங்காகக் கணக்குப் போடும்போது லூப் எங்கிருந்து வருகிறது?

கணக்கில் பிழை இல்லை. சொல்லப்படும் செய்தியில்தான் குறை இருக்கிறது. டிஸ்டன்ஸ் வெக்டர் முறையில் ஒரு ரவுட்டர் தன் டேபிளில் "10.3.0.0, தூரம் 2, R3 வழியாக" என்று எழுதி வைத்திருந்தாலும், அண்டை ரவுட்டரிடம் சொல்வது "10.3.0.0, தூரம் 2" என்பதை மட்டுமே. யார் வழியாக என்பது அந்தச் செய்தியில் இல்லை.

ஆகவே R2 சொல்லும் அந்த 2 என்ற தூரம் தன் வழியாகவே போய் முடிகிறது என்பதை R3 கண்டுகொள்ள வழியே இல்லை. தான் சொன்ன சொல்லே ஊர் சுற்றித் தன் காதுக்குத் திரும்பும்போது அதைப் புதுச் செய்தியாக நம்பிவிடும் மனிதரின் நிலைதான் R3-க்கும். இந்தப் பக்கத்தில் வரும் எல்லா உத்திகளும் அந்தத் திரும்பி வரும் சொல்லை ஏதோ ஒரு வகையில் தடுக்கப் பார்ப்பவையே.

2. "கவுன்ட் டு இன்ஃபினிட்டி" என்கிறார்களே, எது எதை எண்ணுகிறது? ஒரு தடவை நடத்திக் காட்டுங்கள்.

எந்தப் பாதுகாப்பும் இல்லாத ரிப் ஓடுவதாகக் கொள்வோம். R3-இன் மறுபக்கத்து இணைப்பு அறுந்துவிடுகிறது. R3 உடனே அந்தத் தடத்தின் தூரத்தை 16 என்று, அதாவது எட்ட முடியாதது என்று, மாற்றிக்கொள்கிறது. ஆனால் அதை R2-க்குச் சொல்வதற்கு முன்பே R2-இன் வழக்கமான 30 விநாடி அப்டேட் வந்து "10.3.0.0, தூரம் 2" என்கிறது. தன்னிடம் வழியில்லை, R2-இடம் இருக்கிறதே என்று R3 அதை ஏற்று, ஒன்று கூட்டி, "தூரம் 3, R2 வழியாக" என்று எழுதிக்கொள்கிறது. அடுத்த அப்டேட்டில் R3 இந்த 3-ஐ R2-க்குச் சொல்கிறது. R2-இன் தடம் R3 வழியாகவே இருப்பதால், தூரம் கூடினாலும் R2 அதை ஏற்றாக வேண்டும். தான் நம்பியிருக்கும் அண்டை ரவுட்டர் சொல்வதை, அது மோசமான செய்தியாக இருந்தாலும், மறுக்கக் கூடாது என்பது விதி. ஆகவே R2-இல் 4. அதைக் கேட்டு R3-இல் 5.

```
R3:  16   3   5   7   9  11  13  15  16
R2:   2   4   6   8  10  12  14  16
```

R2-இன் எண் சுற்றுக்கு இரண்டிரண்டாக ஏழு முறை ஏறி 16-ஐத் தொடுகிறது. சுற்றுக்கு 30 விநாடி என்றால் ஏறத்தாழ மூன்றரை நிமிடம். அதுவரை R2 பாக்கெட்டை R3-இடம் தள்ளுகிறது, R3 அதை R2-இடமே திருப்புகிறது. R1 பக்கத்தில் உள்ள கணினியிலிருந்து `traceroute` கொடுத்தால் R1-க்குப் பிறகு R2, R3, R2, R3 என்று இரண்டு பெயர்களே மாறி மாறி வரும். லூப்பை அடையாளம் காண இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறையும் டி.டி.எல். மதிப்பை 64 என்று வைத்துக் கணினி அனுப்பும் ஒரு பாக்கெட், R1-ஐத் தாண்டிய பிறகு R2-க்கும் R3-க்கும் இடையிலான கம்பியை 62 முறை கடந்துவிட்டுத்தான் சாகிறது. அதாவது அறுந்துபோன வலையமைப்புக்கு யாரோ அனுப்பும் சிறு போக்குவரத்து, நன்றாக இருக்கும் ஓர் இணைப்பைப் பல மடங்கு பெருகி அடைத்துவிடுகிறது. அந்த நெரிசலில் ரிப் அப்டேட்டுகளே தொலைந்துபோனால் எண்ணிக்கை இன்னும் மெதுவாகும்.

3. 16 என்பது ரொம்பச் சின்ன எண் இல்லையா? 255 என்று வைத்திருக்கலாமே?

வைத்திருந்தால் மேலே மூன்றரை நிமிடத்தில் முடிந்தது, ஏறத்தாழ 127 சுற்றுகள் ஓடி ஒரு மணி நேரத்தைத் தாண்டியிருக்கும். முடிவிலியைச் சிறியதாக வைப்பது எண்ணிக்கையைச் சீக்கிரம் முடிப்பதற்காகத்தான். 15 தாவல்களுக்கு மேற்பட்ட வலையமைப்பில் ரிப் பயன்படாது என்பது அதற்குக் கொடுக்கும் விலை. வேறு எந்த உத்தி தோற்றாலும் இறுதியில் லூப்பை உடைப்பது இந்த 16 மட்டுமே என்பதால், இதைக் குறையாக நான் கருதுவதில்லை.

4. ஸ்ப்ளிட் ஹொரைசன் என்றால் ஒரே வரியில் என்ன?

எந்த இன்டர்ஃபேஸ் வழியாக ஒரு தடத்தைக் கற்றாயோ, அதே இன்டர்ஃபேஸ் வழியாக அந்தத் தடத்தை அறிவிக்காதே என்பதுதான்.

இரண்டாம் கேள்வியின் கதையில் R2 இந்த விதிக்குக் கட்டுப்பட்டிருந்தால், R3 பக்கம் அனுப்பும் அப்டேட்டில் 10.3.0.0 இடம்பெற்றே இருக்காது. R1 பக்கம் அனுப்புவதில் மட்டும் இருக்கும். R3-இன் 16 அப்படியே நின்று, அடுத்த அப்டேட்டில் R2-க்கும், பிறகு R1-க்கும் போய்ச் சேரும். எண்ணிக்கை தொடங்கவே தொடங்காது.

5. "சொல்லாதே" என்கிறது ஸ்ப்ளிட் ஹொரைசன். "16 என்று சொல்" என்கிறது பாய்சன் ரிவர்ஸ். ரெண்டும் முரண்தானே?

நோக்கம் ஒன்று, செயல்படும் விதம் வேறு. பாய்சன் ரிவர்ஸில் R2 மௌனமாக இருப்பதற்குப் பதில், R3 பக்கம் "10.3.0.0, தூரம் 16" என்று வெளிப்படையாகச் சொல்கிறது. "அந்த வலையமைப்புக்கு என்னை நம்பி வராதே" என்பது அதன் பொருள். ரிப் தரம் இரண்டையும் அனுமதிக்கிறது. பாய்சன் ரிவர்ஸே மேல் என்று சாய்கிறது.

வேறுபாடு தெரிவது ஏற்கெனவே தவறு நடந்துவிட்ட இடத்தில்தான். ஏதோ ஒரு குழப்பத்தில் R2 R3-ஐயும், R3 R2-ஐயும் காட்டிக்கொண்டு நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெறும் ஸ்ப்ளிட் ஹொரைசன் என்றால் இருவரும் அந்தத் தடத்தைப் பற்றி ஒருவருக்கொருவர் எதுவும் சொல்லமாட்டார்கள். புதுச் செய்தி வராத தடம் காலாவதியாக 180 விநாடி ஆகும், அதுவரை லூப் நிற்கும். பாய்சன் ரிவர்ஸ் என்றால் அடுத்த அப்டேட்டிலேயே ஒருவர் மற்றவரிடமிருந்து 16 என்று கேட்டுத் தடத்தைக் கைவிட்டுவிடுவார்.

விலை என்னவென்றால் அப்டேட்டின் பருமன். ஒரு ரிப் செய்தியில் 25 தடங்களுக்கு மேல் அடங்காது. ஒரே பொதுத் தண்டு வலையமைப்பில் பல ரவுட்டர்கள் தொங்கும் இடத்தில், அந்தத் தண்டின் வழியாகக் கற்ற தடங்கள் அனைத்தையும் ஒவ்வொரு ரவுட்டரும் 16 என்று அதே தண்டில் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். பயனில்லாத அறிவிப்புகளே அங்குப் பெரும்பகுதியாகிவிடுகின்றன. அத்தகைய இடத்தில் வெறும் ஸ்ப்ளிட் ஹொரைசனோடு நிறுத்திக்கொள்வது நியாயம்.

6. அப்படியானால் ஸ்ப்ளிட் ஹொரைசன் போட்டுவிட்டால் லூப்பே வராது, சரிதானே?

சரியில்லை. அது தடுப்பது இரண்டு ரவுட்டர்களுக்கு இடையிலான லூப்பை மட்டுமே. R1-க்கும் R3-க்கும் இடையே நேரடிக் கம்பி ஒன்றைச் சேர்த்து முக்கோணமாக்குங்கள். இப்போது R1, R2 இரண்டிலும் 10.3.0.0-க்கான தூரம் 2, இரண்டும் R3 வழியாக.

10.3.0.0 அறுகிறது. R3 இருவருக்கும் 16 என்று அறிவிக்கிறது. ரிப் அப்டேட் யு.டி.பி.யில் போவது, சேர்ந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. R1-க்குப் போனது சேர்கிறது, R2-க்குப் போனது தொலைகிறது. R1 தடத்தை 16 ஆக்குகிறது. அந்த நேரம் பார்த்து R2-இன் அப்டேட் R1-க்கு வந்து "10.3.0.0, தூரம் 2" என்கிறது. R2 அதைக் கற்றது R3 பக்கத்து இன்டர்ஃபேஸில், சொல்வது R1 பக்கத்தில். ஸ்ப்ளிட் ஹொரைசன் விதி எங்கும் மீறப்படவில்லை. R1 அதை ஏற்று "தூரம் 3, R2 வழியாக" என்று எழுதிக்கொண்டு R3-க்குச் சொல்கிறது. R3-இல் "4, R1 வழியாக". R3 அதை R2-க்குச் சொல்கிறது; R2-இல் 5. R2 R1-க்குச் சொல்ல 6, பிறகு 7, 8, 9 என்று வட்டமடித்து 16 வரை போகும். ஒவ்வொருவரும் ஒருபக்கம் கேட்டு மறுபக்கம் சொல்வதால், பாய்சன் ரிவர்ஸும் இதைத் தடுக்காது.

தொலைந்துபோன ஒரே ஒரு பாக்கெட் போதும் என்பதைக் கவனியுங்கள். R3-இன் அடுத்த அப்டேட் முந்திக்கொண்டு R2-ஐச் சேர்ந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. அதனால்தான் ஆய்வகத்தில் இதை வேண்டுமென்றே வரவழைக்கப் பலமுறை முயல வேண்டியிருக்கிறது. வெளியே அது தானாக வரும்.

7. மாற்றம் நடந்த உடனே சொல்லிவிடும் டிரிக்கர்டு அப்டேட் இருக்கிறதே, அது போதாதா?

பெரிதும் உதவும், ஆனால் போதாது. தூரம் மாறியதும் 30 விநாடி காத்திராமல் உடனே அறிவிப்பதால் கெட்ட செய்தி வேகமாகப் பரவுகிறது. எனினும் ஒரு டிரிக்கர்டு அப்டேட்டை அனுப்பிய பிறகு, அடுத்ததற்கு 1 முதல் 5 விநாடி வரை ஏதேனும் ஓர் இடைவெளி விட வேண்டும் என்று தரமே சொல்கிறது; இல்லாவிட்டால் அப்டேட்டுகளே இணைப்பை நிரப்பிவிடும். அந்த இடைவெளியில் இன்னும் செய்தி எட்டாத ஒரு ரவுட்டரின் வழக்கமான அப்டேட் குறுக்கே புகுந்துவிடலாம். கெட்ட செய்தி அலையாகப் பரவி முடியும்வரை எல்லா ரவுட்டர்களையும் அசையாமல் நிறுத்திவைக்க முடிந்தால், எண்ணிக்கை நிகழவே நிகழாது என்று நிறுவிவிடலாம். ஹோல்ட்-டவுன் பிறப்பது இந்த ஆசையிலிருந்துதான்.

8. ஹோல்ட்-டவுன் டைமர் அசலில் என்ன செய்கிறது?

ஒரு தடம் போய்விட்டது என்று கேள்விப்பட்ட ரவுட்டர், குறிப்பிட்ட காலத்துக்கு அந்த வலையமைப்பைப் பற்றி மற்ற அண்டை ரவுட்டர்கள் சொல்லும், பழைய தூரத்துக்குச் சமமான அல்லது அதைவிட மோசமான எந்த வழியையும் ஏற்காது. ஆறாம் கேள்வியின் முக்கோணத்தில் R1, R3-இடமிருந்து 16 என்று கேட்டதும் ஹோல்ட்-டவுனில் போய்விடும். R2 வந்து 2 என்று சொன்னால், அது R1-இல் 3 ஆகும். பழைய 2-ஐவிட மோசம். R1 காதில் போட்டுக்கொள்ளாது. R3 அதற்குள் 30 விநாடிக்கு ஒருமுறை 16, 16 என்று சொல்லிக்கொண்டே இருப்பதால், ஒன்று தொலைந்தாலும் மற்றொன்று R2-ஐச் சேர்ந்து அந்தப் பொய்யை அடக்கிவிடும்.

சிஸ்கோவின் ரிப்பில் இந்தக் காலம் 180 விநாடி, அதாவது ஆறு அப்டேட் சுற்றுகள். ஆறும் தொலைவது அரிது என்பதுதான் அதன் நியாயம். ஆனால் ஹோல்ட்-டவுனுக்குப் பொய்யையும் மெய்யையும் பிரித்தறியும் திறமை கிடையாது. R2-இடம் உண்மையிலேயே வேறொரு நீண்ட வழி இருந்திருந்தாலும் R1 அதை மூன்று நிமிடம் மறுத்திருக்கும். லூப் வராமலிருக்க, இருக்கும் வழியையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் இந்த உத்தி.

9. லினக்ஸ் லேபில் மாற்றுவழி சில விநாடியில் வருகிறது. சிஸ்கோ லேபில் மூன்று நிமிடம் ஆகிறது. எது தப்பு?

இரண்டும் சரி. ஹோல்ட்-டவுன் ரிப் தரத்தின் பகுதியே அல்ல. அது சிஸ்கோ சேர்த்துக்கொண்டது. தரத்தில் இருப்பவை மூன்று காலங்கள்: அப்டேட்டுக்கு 30 விநாடி, செய்தி வராத தடம் காலாவதியாக 180 விநாடி, காலாவதியான தடத்தை 16 என்று அறிவித்தபடி வைத்திருந்து பிறகு அழிக்க 120 விநாடி. கடைசியில் சொன்ன 120 விநாடியைப் பலர் ஹோல்ட்-டவுன் என்று நினைத்துக் குழம்புகிறார்கள். அந்தக் காலத்துக்குள் வேறு அண்டை ரவுட்டர் ஒரு வழியைச் சொன்னால் உடனே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே தரத்தின் விதி. லினக்ஸில் ஓடும் எஃப்.ஆர்.ஆர். என்ற ரவுட்டிங் மென்பொருள் தரத்தை ஒட்டி நடக்கிறது.

ஆகவே லினக்ஸ் லேபில் வேகம் கிடைக்கிறது, முக்கோண லூப்புக்கான வாய்ப்பும் கூடவே கிடைக்கிறது. இரண்டு வகையையும் ஒரே வலையமைப்பில் கலந்தால், ஹோல்ட்-டவுன் தரும் பாதுகாப்பு அதைக் கடைப்பிடிக்காத ரவுட்டரின் வழியாக ஒழுகிவிடும்.

10. சிஸ்கோவில் இன்வேலிட் 180, ஹோல்ட்-டவுன் 180, ஃப்ளஷ் 240. கூட்டினால் 360 வருகிறது, 240-இல் எப்படி அழிகிறது?

ஃப்ளஷ் டைமர் ஹோல்ட்-டவுன் முடிந்த பிறகு தொடங்குவதில்லை. கடைசியாக நல்ல அப்டேட் வந்த கணத்திலிருந்தே ஓடுகிறது. அண்டை ரவுட்டர் சத்தமில்லாமல் செத்துப்போனால், 180-ஆவது விநாடியில் தடம் செல்லாததாகி ஹோல்ட்-டவுன் தொடங்கும்; 240-இல் ஃப்ளஷ் வந்து தடத்தையே டேபிளிலிருந்து எடுத்துவிடும். தடம் இல்லையென்றால் ஹோல்ட்-டவுனும் இல்லை. ஆக இந்த வகைப் பழுதில் ஹோல்ட்-டவுன் உண்மையில் நடப்பது 60 விநாடிதான். டைமர்களை `timers basic` கட்டளையால் மாற்றுபவர்கள் இந்த உறவைப் பார்க்காமல் ஹோல்ட்-டவுனை மட்டும் ஏற்றிவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று வியப்பதுண்டு. எதை மாற்றினாலும் எல்லா ரவுட்டர்களிலும் ஒரே மாதிரி மாற்ற வேண்டும்.

11. "possibly down" என்று காட்டும் தடத்தில் பாக்கெட் போகுமா, போகாதா?

```
R    10.3.0.0/16 is possibly down,
          routing via 10.23.0.3, Serial0/1
```

போகும். ஹோல்ட்-டவுனில் இருக்கும் தடத்தை ரவுட்டர் மற்றவர்களிடம் எட்ட முடியாதது என்று அறிவிக்கும். ஆனால் தன்னிடம் வரும் பாக்கெட்டைப் பழைய வழியிலேயே அனுப்பிக்கொண்டிருக்கும். இரண்டாவது வரியில் "routing via" என்று எழுதியிருப்பது அதைத்தான். அண்டை ரவுட்டரின் அப்டேட் மட்டும் தடைபட்டு, இணைப்பு நன்றாக இருந்தால் பாக்கெட் போய்ச் சேரவும் கூடும். அதனால் டேபிளில் இந்த வரி இருக்கும்போது `ping` பதில் சொன்னால் குழம்ப வேண்டாம். அப்டேட் ஏன் வரவில்லை என்று தேடுங்கள்.

12. கேபிளைப் பிடுங்கினால் உடனே தெரிகிறது. ரவுட்டரை அணைத்தால் மூன்று நிமிடம் தெரிவதில்லை. ஏன்?

நடுவில் ஒரு சுவிட்ச் இருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் காரணம். உங்கள் கேபிளைப் பிடுங்கினால் உங்கள் இன்டர்ஃபேஸ் விழுகிறது, அதன் தடங்கள் அக்கணமே போகின்றன. சுவிட்சுக்கு அப்பால் உள்ள ரவுட்டர் அணைந்தால், சுவிட்சோடு உங்கள் இணைப்பு உயிரோடுதான் இருக்கிறது. அப்டேட் வராததைக் கொண்டுதான் நீங்கள் அறிய வேண்டும், அதற்கு 180 விநாடி. இந்தக் காலத்தில் லூப் ஏதும் இல்லை, பாக்கெட்டுகள் வெற்றிடத்தில் விழுகின்றன. இந்தப் பக்கத்தில் வரும் எந்த உத்தியும் இதைக் குறைக்காது.

13. மையத்தில் ஒரு ரவுட்டர், கிளைகள் பல. கிளைகள் மையத்தைப் பார்க்கின்றன, ஒன்றையொன்று பார்ப்பதில்லை. ஸ்ப்ளிட் ஹொரைசனுக்கும் இதற்கும் தொடர்புண்டா?

உண்டு. கிளைகள் எல்லாம் மையத்தின் ஒரே இன்டர்ஃபேஸில் வந்து சேர்ந்தால், ஒரு கிளை சொன்ன தடத்தை மையம் அதே இன்டர்ஃபேஸில் மற்றக் கிளைக்குச் சொல்லாது. விதி இன்டர்ஃபேஸைத்தான் பார்க்கிறது, அண்டை ரவுட்டரை அல்ல. ஃப்ரேம் ரிலே காலத்தில் எல்லோரும் இடறிய இடம் இது. இன்று பல கிளைகளை ஒரே டனல் இன்டர்ஃபேஸில் சேர்க்கும் வி.பி.என். அமைப்புகளிலும் அதே இடறல் வருகிறது.

கிளைக்கு ஒரு துணை இன்டர்ஃபேஸ் என்று பிரிப்பது நல்ல தீர்வு. முடியாவிட்டால் மையத்தில் அந்த இன்டர்ஃபேஸில் மட்டும் `no ip split-horizon` கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் இரண்டாம் கேள்வியின் எண்ணிக்கைக்குக் கதவைத் திறந்துவிட்டோம் என்பதை நினைவில் வைத்து, கிளைகளிலிருந்து அவரவருக்கு உரிய வலையமைப்பை மட்டும் ஏற்கும்படி மையத்தில் வடிகட்டி போடுங்கள். தீர்வு தெரியாமல் பாய்சன் ரிவர்ஸை முயல்பவர்களும் உண்டு. அது இங்கு நிலைமையை மாற்றாது, கிளைகளுக்கு 16 என்ற பதில்தான் கிடைக்கும்.

14. ஹோல்ட்-டவுன் போலக் காத்திருக்காமலே லூப்பை முழுதாகத் தடுக்க முடியாதா?

முடியும், ஆனால் அது ரிப் ஆக இருக்காது. இ.ஐ.ஜி.ஆர்.பி., பேபல் ஆகிய ரவுட்டிங் நெறிமுறைகள் ஒரு நிபந்தனையைப் பயன்படுத்துகின்றன. எளிமையாகச் சொன்னால், அண்டை ரவுட்டர் சொல்லும் தூரம், நான் இதுவரை கொண்டிருந்த மிகக் குறைந்த தூரத்தைவிடக் குறைவாக இருந்தால் மட்டுமே அதை நம்புவேன். என்னைவிட இலக்குக்கு அருகில் இருப்பவரின் வழி என் வழியாகப் போக முடியாது. ஆறாம் கேள்விக்குத் திரும்புங்கள். R1-இன் மிகக் குறைந்த தூரம் 2. R2 சொல்வதும் 2. குறைவல்ல என்பதால் R1 மறுத்துவிடும். டைமர் எதுவும் தேவைப்படவில்லை.

இதிலும் மெய்யான மாற்றுவழி சில நேரம் நிபந்தனைக்கு அப்பால் விழும். அப்போது இ.ஐ.ஜி.ஆர்.பி. அண்டை ரவுட்டர்களிடம் கேட்டு, பதில் வரும்வரை நிற்கிறது. பேபல், இலக்குக்கு உரிய ரவுட்டரிடமிருந்து புதிய வரிசை எண்ணைக் கேட்டுப் பெறுகிறது. காத்திருப்பது இங்கும் உண்டு; ஆனால் கண்ணை மூடிக்கொண்டு 180 விநாடி என்று அல்ல, பதில் வரும்வரை மட்டும்.

15. என் ரவுட்டரில் இருப்பது ஸ்ப்ளிட் ஹொரைசனா, பாய்சன் ரிவர்ஸா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கட்டமைப்பைப் படித்து ஊகிக்க வேண்டாம், கம்பியில் பாருங்கள். R2-க்கும் R3-க்கும் இடையில் இந்தக் கட்டளையை ஓட்டி, R2 அனுப்பும் ஒரு முழு அப்டேட் வரும்வரை, அதாவது அரை நிமிடம், காத்திருங்கள்.

```
tcpdump -n -v -i eth1 udp port 520
```

R2-இன் செய்தியில் 10.3.0.0 இல்லவே இல்லை என்றால் ஸ்ப்ளிட் ஹொரைசன். 16 என்ற தூரத்தோடு இருந்தால் பாய்சன் ரிவர்ஸ். 2 என்று இருந்தால் இரண்டும் அணைக்கப்பட்டிருக்கின்றன. எஃப்.ஆர்.ஆர். என்றால் இன்டர்ஃபேஸின் கீழ் `ip rip split-horizon poisoned-reverse` கொடுத்து, மீண்டும் அரை நிமிடம் பார்த்தால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். சிஸ்கோவில் ஒன்றை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்: நலமாக இருக்கும்போது மௌனமாக இருக்கும் ரவுட்டர், ஒரு தடம் 16 என்று கேட்டதும் அதே பக்கம் 16 என்று திருப்பிச் சொல்லும். விதி மீறப்பட்டதாகத் தோன்றினாலும், நஞ்சிட்ட செய்திக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது.